டீசல் யார் ஊற்ற வேண்டும்? ஜெனரேட்டர் ஸ்பெக்கில் பழுதான வாக்கியங்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சிறு மருத்துவமனைகள், கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள் ஜெனரேட்டர் வாங்கும்போது போடும் ஸ்பெக், அதாவது விவரக்குறிப்பு, பல வருடங்களாக என் மேசைக்கு வருகிறது. பெரும்பாலும் டெண்டருக்கு முன்னால் வராது. இயந்திரம் வந்து இறங்கி, தகராறு ஆரம்பித்த பிறகுதான் வரும். இயந்திரத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். கோளாறு வாக்கியத்தில் இருக்கும், அதுவும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்.

கீழே உள்ள உதாரணங்கள் ஒரே ஸ்பெக்கிலிருந்து எடுத்தவை. ஒரு அறக்கட்டளை மருத்துவமனை, 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், ஈபி கரண்ட் போனால் தானாக ஓடவைக்கும் ஏஎம்எஃப் பேனல். அறங்காவலர்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மூன்று பக்கமும் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் தமிழில் எழுதும்போது சில பழுதுகள் சுலபமாக உள்ளே வந்துவிடும். அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள்.

## அறிகுறி 1: வேலை நடக்கவில்லை, இரு தரப்பும் "அது உங்க வேலை" என்கிறார்கள்

கமிஷனிங் நாள், அதாவது நிறுவிய ஜெனரேட்டரை முதன்முதலாக ஓட்டிச் சோதிக்கும் நாள், காலை. எல்லாரும் வந்தாகிவிட்டது. தொட்டியில் டீசல் இல்லை.

"டீசல் நீங்கதானே சார் ஊத்தி வச்சிருக்கணும்?" என்றார் சப்ளையரின் டெக்னீஷியன்.

"ஸ்பெக்குல நிரப்பித் தரணும்னுதானே தம்பி போட்டிருக்கு?" என்றார் மருத்துவமனை மேலாளர்.

ஸ்பெக்கில் இருந்த வாக்கியம் இது: "தொட்டியில் 8 மணி நேரத்துக்குப் போதுமான டீசல் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்." இரண்டு பேர் சொன்னதும் இந்த வாக்கியத்துக்குப் பொருந்தும்.

### முதலில் பார்க்க வேண்டியது: செய்பவர் விட்டுப்போயிருக்கிறாரா?

வாக்கியத்தின் வினையைப் பிடித்து "யார்?" என்று கேளுங்கள். பதில் அதே வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். மேலே உள்ள தலைப்பிலோ முன் பத்தியிலோ இருந்தால் போதாது, ஏனென்றால் தகராறு வரும்போது அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வெட்டி எடுத்துக் கடிதத்தில் ஒட்டுவார்கள்.

கோப்பை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டு இப்படித் தேடினால் முக்கால்வாசி இடங்கள் வரிசை எண்ணோடு வந்துவிடும்:

```
grep -nE 'பட ?வேண்டும்|பட்டிருக்க ?வேண்டும்|படும்|படக் ?கூடாது' spec.txt
```

இதோடு நிறுத்திவிடாதீர்கள். "பேனலுக்கு எர்த்திங் செய்து தர வேண்டும்" என்ற வாக்கியத்தில் "படு" இல்லை, ஆனாலும் செய்பவர் இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் முழுமையாக ஒலிக்கும், படிக்கிறவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. அதனால் "வேண்டும்" என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மூன்று பக்க ஸ்பெக்குக்கு அரைமணி நேரம் போதும்.

விட்டுப்போன இடத்தில் பெயரைச் சேர்க்கும்போது ஊகித்துச் சேர்க்காதீர்கள். எர்த்திங் குழி தோண்டுவது ஒப்பந்ததாரர் என்று எழுதினால் அவர் விலை ஏறும். மருத்துவமனை என்று எழுதினால் மருத்துவமனை வேறு ஆள் பிடிக்க வேண்டும். அது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. ஸ்பெக் திருத்துகிறவர் கேள்வியை எழுதி, பணம் கொடுப்பவரிடம் பதில் வாங்கிய பிறகுதான் பெயரை எழுத வேண்டும்.

டீசல் வாக்கியம் திருத்திய பிறகு இப்படி ஆனது:

> கமிஷனிங் சோதனைக்குத் தேவையான டீசலை ஒப்பந்ததாரர் தன் செலவில் கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.
>
> ஜெனரேட்டர் 75 கிலோவாட் லோடில் தொடர்ந்து 8 மணி நேரம் ஓடத் தேவையான டீசல் கொள்ளும் தொட்டியை ஒப்பந்ததாரர் வழங்க வேண்டும்.
>
> ஒப்படைப்புக்குப் பிறகு மருத்துவமனை டீசல் நிரப்பிக்கொள்ளும்.

பழைய வாக்கியத்துக்குள் இரண்டு தரப்பின் மூன்று வேலைகள் ஒளிந்திருந்தன. "8 மணி நேரத்துக்குப் போதுமான" என்பதில் எத்தனை லோடில் 8 மணி நேரம் என்பதும் இல்லை. 125 கேவிஏ இயந்திரம் 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட் தரும். அதில் கால்வாசி லோடில் ஓட்டுவதற்கும் முக்கால்வாசி லோடில் ஓட்டுவதற்கும் டீசல் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

### அடுத்து: செய்பவர் இருக்கிறார், ஆனால் தவறான ஆள்

"மின்தடையை ஜெனரேட்டர் உணர்ந்து இயங்க வேண்டும்." எழுவாய் இருக்கிறது, ஆனால் மின்தடையை உணர்வது ஜெனரேட்டர் இல்லை, ஏஎம்எஃப் பேனல். இந்த வேலையில் பேனலைக் கொடுத்தவர் வேறு ஒருவர். ஒரு நாள் தானியங்கி ஸ்டார்ட் வேலை செய்யவில்லை. ஜெனரேட்டர்காரர் கையால் ஸ்டார்ட் செய்து காட்டி, "என் மெஷின் ஓடுது சார்" என்றார். அவர் சொன்னதில் தவறு ஏதுமில்லை.

ஒரு சிறு சோதனை செய்யலாம். எழுவாயாக இருக்கும் பொருளை மட்டும் தனியாகக் கழற்றி ஒரு பெஞ்சில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் சொல்லும் வேலையை அது அங்கேயே செய்துகாட்ட முடியுமா? முடியாது என்றால் எழுவாய் தவறு.

இயந்திரத்துக்கான வாக்கியங்களையும் மனிதர்களுக்கான வாக்கியங்களையும் தனித்தனிப் பிரிவாகப் பிரித்துவிடுங்கள். பேனல் செய்ய வேண்டியதைச் சோதனை நாளில் பார்த்துவிடலாம். ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய பயிற்சியும் சர்வீஸும் தேதி வைத்துப் பின்னால் பார்க்க வேண்டியவை.

### கடைசியாக, செலவு வைக்கும் காரணம்: செய்பவர் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறார்

"மின் ஆய்வாளரின் சான்று 15 நாட்களுக்குள் பெறப்பட்டிருக்க வேண்டும்." சான்று தருவது அரசு அதிகாரி. அவர் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அவருக்கு நாள் குறிக்க உங்கள் ஸ்பெக்கால் முடியாது. "ஒப்பந்ததாரர் 15 நாட்களுக்குள் சான்று பெற வேண்டும்" என்று எழுவாயை நுழைத்தாலும் பழுது தீராது. தாமதமானால் அவர் "ஆபீஸ்ல பெண்டிங்" என்பார், அதற்குமேல் பேச இடமிருக்காது.

ஒப்பந்ததாரர் கையில் இருப்பதை மட்டும் பிரித்து எழுத வேண்டும். இயந்திரத்தை நிறுவி முடித்த 7 நாட்களுக்குள் ஒப்பந்ததாரர் வரைபடங்களுடன் விண்ணப்பம் தர வேண்டும். ஆய்வில் சுட்டும் குறைகளில் தன் வேலை சம்பந்தப்பட்டதை அவர் 10 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அரசுக் கட்டணத்தை மருத்துவமனை கட்டும். சான்று வரும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைப்பதா என்பது அறங்காவலர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

## அறிகுறி 2: சோதனை நாளில் ஒருவர் "பாஸ்" என்கிறார், இன்னொருவர் "ஃபெயில்" என்கிறார்

எனக்கு அதிகம் வருவது இதுதான். இந்த ஸ்பெக்கில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். மூல வாக்கியம்:

> மின்தடை ஏற்பட்டால் ஜெனரேட்டர் உடனடியாக இயங்கி அத்தியாவசியப் பகுதிகளுக்குத் தடையின்றி மின்சாரம் வழங்கப்பட வேண்டும்.

சோதனையில் ஈபி சுவிட்சை இறக்கினோம். சப்ளையர் தன் கடிகாரத்தில் 7 விநாடி என்றார். என் ஸ்டாப்வாட்ச் 24 விநாடி காட்டியது. இரண்டு கடிகாரமும் சரிதான். அவர் ஸ்டார்ட்டர் சுழல ஆரம்பித்ததிலிருந்து எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் வரை அளந்தார். நான் வார்டில் விளக்கு அணைந்ததிலிருந்து மீண்டும் எரிந்தது வரை அளந்தேன்.

### முதல் காரணம்: அளக்க முடியாத சொல்

உடனடியாக, போதுமான, தரமான, உரிய, குறைந்த, தேவைக்கேற்ப, முதலியன. இவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு எண் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

"தடையின்றி" என்பதில் கூடுதல் சிக்கல் உண்டு. நின்றிருக்கும் டீசல் எஞ்சின் எழுந்து ஓட நேரம் எடுக்கும், அந்த இடைவெளி இல்லாமல் மின்சாரம் வராது. தடையே கூடாத கருவிக்கு யூபிஎஸ் வேண்டும். ஆகவே இந்தச் சொல் ஜெனரேட்டர் ஸ்பெக்கில் இருக்கவே கூடாது.

எண் எங்கிருந்து வருவது? மருத்துவ இடங்களின் மின்னமைப்புக்கான ஐஇசி 60364-7-710 தரநிலை, அறுவை மேசை விளக்கு போன்றவற்றுக்கு மாற்று மின்சாரம் 0.5 விநாடிக்குள் வர வேண்டும் என்றும், இன்னொரு வகைக்கு 15 விநாடிக்குள் வர வேண்டும் என்றும் பிரிக்கிறது. முதல் வகை யூபிஎஸ் ஸ்பெக்குக்குப் போனது. ஜெனரேட்டர் ஸ்பெக்குக்கு 15 விநாடியை எடுத்துக்கொண்டோம்.

### இரண்டாவது: எண் இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இல்லை

"15 விநாடிக்குள் இயங்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதே 7-க்கும் 24-க்கும் இடையில்தான் மறுபடி சண்டை போட்டிருப்போம். எந்த நொடியில் கடிகாரம் ஆரம்பிக்கிறது, எந்த நொடியில் நிற்கிறது என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தைத் தேடும்போது இன்னொரு பழுது அகப்பட்டது. "மின்தடை" என்றால் என்ன? சில வாரம் முன்னால் ஈபி-யில் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கிறது. வார்டு இருட்டு, ஜெனரேட்டர் ஓடவில்லை. பேனல்காரர் மூன்று ஃபேஸும் போனால்தான் மின்தடை என்று வைத்து இணைத்திருந்தார். ஸ்பெக் அதைத் தடுக்கவில்லை.

திருத்தியது:

> அ. ஈபி பக்கத்தில் ஏதாவது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான மின்னழுத்தம் தொடர்ந்து 3 விநாடி 195 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால், அந்த 3 விநாடி முடிந்ததும் பேனல் ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட் கட்டளை தர வேண்டும்.
>
> ஆ. ஸ்டார்ட் கட்டளை கிடைத்த 10 விநாடிக்குள், முதல் முயற்சியிலேயே, ஜெனரேட்டர் மூன்று ஃபேஸிலும் குறைந்தது 207 வோல்ட்டையும் 47.5 ஹெர்ட்ஸையும் எட்ட வேண்டும்.
>
> இ. ஜெனரேட்டர் அந்த நிலையை எட்டிய 2 விநாடிக்குள் பேனல் அத்தியாவசிய லோடை ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும்.
>
> ஈ. முதல் முயற்சியில் எஞ்சின் ஓடாவிட்டால் பேனல் மேலும் 2 முறை முயல வேண்டும். அதன் பிறகும் ஓடாவிட்டால் பேனல் வார்டு நர்ஸ் மேசையில் உள்ள அலாரத்தை அடிக்க வேண்டும்.

195 வோல்ட் என்பது 230-ல் ஏறக்குறைய 85 சதவீதம், 207 என்பது 90 சதவீதம். 3, 10, 2 கூட்டினால் 15. நேரத்தை இப்படிப் பங்குபோட்டுக் கொடுத்ததில் ஒரு பலன் உண்டு: சோதனையில் 24 விநாடி வந்தால் தவறு பேனல்காரருடையதா ஜெனரேட்டர்காரருடையதா என்று பேனல் திரையின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

### மூன்றாவது: எந்த நிலையில் அளப்பது என்று இல்லை

மறுசோதனைக்குப் போனபோது எஞ்சின் மேல் கை வைத்தேன், சூடாக இருந்தது. நாங்கள் வருமுன் அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தியிருந்தார்கள். சூடான எஞ்சின் சீக்கிரம் பிடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்போது எஞ்சின் குளிர்ந்துதான் இருக்கும். அதனால் ஆ வாக்கியத்தோடு ஒரு சோதனை வரியைச் சேர்த்தோம்: குறைந்தது 8 மணி நேரம் நின்றிருந்த எஞ்சினை வைத்து, மூன்று வெவ்வேறு நாட்களில், மருத்துவமனைப் பிரதிநிதி முன்னிலையில் ஒப்பந்ததாரர் சோதனை செய்துகாட்ட வேண்டும்; மூன்றிலும் தேற வேண்டும்.

சத்தத்துக்கும் இதே கதை. "குறைந்த சத்தத்துடன்" என்பதை "75 டெசிபலுக்குள்" என்று மாற்றினால் பாதிதான் சரியாகும். 1000 கேவிஏ வரையிலான ஜெனரேட்டர்களுக்கு, 2005 ஜனவரி 1 முதல் தயாரானவற்றுக்கு, இந்திய விதி சொல்லும் வரம்பு 75 டெசிபல் (ஏ). ஆனால் அது ஜெனரேட்டரை மூடியிருக்கும் கூண்டின் வெளிப்பரப்பிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் அளப்பது. தூரத்தைச் சொல்லாத டெசிபல் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்புறம், கூண்டருகே 75 இருப்பதால் வார்டு ஜன்னலில் எவ்வளவு இருக்கும் என்றும் தெரியாது. நோயாளி தூங்குவதுதான் உங்கள் கவலை என்றால் ஜன்னலுக்குத் தனி வாக்கியம் எழுதுங்கள். ஜெனரேட்டர் நின்றிருக்கும்போதும் அங்கே ஓர் அளவு எடுக்கச் சொல்லுங்கள். தெருச் சத்தத்துக்கும் ஜெனரேட்டர் ஓடும்போது வரும் அளவுக்கும் 3 டெசிபல்கூட வித்தியாசம் இல்லையென்றால் அந்த அளவை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது.

### நான்காவது, செலவு அதிகமானது: எண் சரி, அங்கே அளக்க வழியில்லை

"ஜெனரேட்டர் 100 கிலோவாட் முழு லோடில் 1 மணி நேரம் ஓட வேண்டும்." வாக்கியம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மருத்துவமனையின் எல்லா ஸ்விட்சையும் போட்டாலும் 45 கிலோவாட் தாண்டவில்லை. மீதிக்கு லோட் பேங்க் என்ற செயற்கை லோடை வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வாடகை யார் தலையில் என்று ஸ்பெக்கில் இல்லை. சோதனை நடக்கவே இல்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள்: எந்தக் கருவி, எந்த இடம், யார் செலவு. ஒன்று காலியாக இருந்தாலும் வாக்கியத்தை அனுப்பாதீர்கள். இங்கே முழு லோட் சோதனையைத் தயாரிப்பாளரின் ஆலையிலேயே, மருத்துவமனைப் பிரதிநிதி பார்க்க, ஒப்பந்ததாரர் செலவில் செய்வது என்று மாற்றினோம். மருத்துவமனையில் இருக்கிற லோடிலேயே இன்னொரு சோதனை.

## அறிகுறி 3: வந்த விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன

ஒரே ஸ்பெக்கைப் படித்துவிட்டு ஒருவர் இன்னொருவரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்து விலை சொன்னால், உடனே மலிவானதை எடுத்துவிடாதீர்கள். இருவரும் வேறு வேறு ஸ்பெக்கைப் படித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய காரணம் எண்ணில் இருக்கலாம். "125 கேவிஏ" என்று மட்டும் போட்டால் ஒருவர் அடிக்கடி நெடுநேரம் ஓடுவதற்கான பிரைம் மதிப்பீடு என்று படிப்பார், இன்னொருவர் ஸ்டாண்ட்பை மதிப்பீடு என்று படிப்பார். அவசரத்துக்கு மட்டும் ஓடும் ஸ்டாண்ட்பை எண் அதே எஞ்சினுக்குப் பெரியதாக இருக்கும். ஆகவே இரண்டாமவர் சிறிய எஞ்சினை வைத்தே 125 காட்டிவிடலாம். ஐஎஸ்ஓ 8528 இந்த மதிப்பீடுகளை வரையறுத்திருக்கிறது. எது வேண்டும் என்பதை அந்தப் பெயராலேயே எழுதுங்கள்.

இன்னொரு காரணம் "வேண்டும்" என்ற சொல்லே. ஆசைக்கும் அதுதான், கட்டாயத்துக்கும் அதுதான். "கூண்டு நீல நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று நினைத்தவரும் "இருக்க வேண்டும்" என்றே எழுதியிருந்தார். அதற்காக ஒரு சப்ளையர் தனி பெயின்ட் செலவைச் சேர்த்திருந்தார். "லாம்" விகுதியும் அப்படித்தான். "ஒப்பந்ததாரர் பழைய கேபிளைப் பயன்படுத்தலாம்" என்பது அனுமதி, "மழைக்காலத்தில் மின்தடை நீடிக்கலாம்" என்பது நடக்கக்கூடியது. எதிர்மறையில் ஆபத்து இன்னும் அதிகம்: "வேண்டியதில்லை" என்றால் செய்யாமல் விடலாம், "கூடாது" என்றால் செய்தால் தவறு.

இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் 1997-ல் RFC 2119 என்ற ஆவணத்தில் இந்தச் சொற்களுக்குப் பொருள் கட்டினார்கள். 2017-ல் வந்த RFC 8174, பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவாக்கியது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் நான் ஸ்பெக்கின் முதல் பக்கத்திலேயே சொற்களைப் பூட்டிவிடுவேன்: கட்டாயத்துக்கு மட்டும் "வேண்டும்", தடைக்கு மட்டும் "கூடாது", அனுமதிக்கு "அனுமதி உண்டு". ஆசைகளைத் தனிப் பட்டியலில் "விருப்பம்" என்ற தலைப்பின் கீழ் வைத்து, அதற்கு விலையைத் தனியாகக் கேட்பேன். "லாம்" ஸ்பெக்கில் எங்கேயும் வராது. இந்த ஸ்பெக்கில் 61 "வேண்டும்" இருந்தன. உட்கார்ந்து பிரித்தபோது 14 வெறும் விருப்பங்கள்.

## அறிகுறி 4: "பாதி முடிஞ்சிருக்கு சார்" என்று பில் வருகிறது

வாக்கியத்தில் "மற்றும்", "அல்லது", "செய்து, … செய்து, … தர வேண்டும்" என்ற தொடர் இருக்கும். அடித்தளம் போட்டு, கூண்டு பொருத்தி, புகைக்குழாய் ஏற்றித் தர வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தில் புகைக்குழாய் மட்டும் பாக்கி என்றால், அந்த வாக்கியம் நிறைவேறியதா இல்லையா?

வினையெச்சத்தை எண்ணுங்கள். எத்தனை வேலையோ அத்தனை வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் தனி எண். பின்னால் ஒன்றை நீக்கினாலும் எண்களை மாற்றி அடுக்காதீர்கள், கடிதங்களில் பழைய எண்தான் இருக்கும். "அல்லது" வந்தால், யார் தேர்ந்தெடுப்பது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் மலிவானது வரும்.

## எப்போது வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்

செய்பவர் பெயர், சொல் பூட்டு, வாக்கியம் பிரிப்பது, அளவின் தொடக்கம் முடிவு: இவை எல்லாவற்றையும் மருத்துவமனை அலுவலகமே செய்துவிடலாம். நான் மூன்று இடங்களில் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு எண் உயிரோடு சம்பந்தப்பட்டிருந்தால், அதாவது எந்தக் கருவி எத்தனை விநாடி இருட்டைத் தாங்கும் என்ற கேள்வி வந்தால், மருத்துவமனை மின்னமைப்பில் அனுபவமுள்ள மின் பொறியாளரும் ஐசியூ மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். வேறு மருத்துவமனை ஸ்பெக்கிலிருந்து எண்ணை நகலெடுத்து நானே போடமாட்டேன்.

ஆர்டர் கொடுத்த பிறகு வாக்கியத்தைத் திருத்தினால் அது ஒப்பந்த மாற்றம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு சொல்லையும் தொடக்கூடாது. பணம் நிறுத்திவைத்தது, அபராதம் போட்டது என்று போய்விட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எண்ணுக்கும் சோதனைக்கும் இடையில் கணக்கு தேவைப்பட்டால், உதாரணமாக லிஃப்ட் மோட்டாரும் எக்ஸ்ரேயும் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் எவ்வளவு விழும் என்றால், அதையும் பொறியாளர்தான் போட வேண்டும். அவரிடம் போகும்போது முழு ஸ்பெக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த வாக்கியத்தின் எண், அதைச் சோதித்த நாள், எடுத்த அளவு, எங்கே நின்று எடுத்தது, ஒரே நேரத்தில் ஓடும் கருவிகளின் பெயர்ப்பலகைப் புகைப்படங்கள், இவ்வளவு போதும்.